கொத்து போட்டுவிட்டால் கேள்வி முடிந்துவிடுமா?

பொருளாதார ஆய்வுக் கட்டுரைகளை வாசிப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. அட்டவணையின் அடிக்குறிப்பில் "திட்டப் பிழைகள் கொத்தாகக் கணக்கிடப்பட்டுள்ளன" என்று ஒரு வரி இருக்க வேண்டும். பின்னிணைப்பில் பத்துப் பதினைந்து உறுதிச் சோதனைகள் வரிசையாக நிற்க வேண்டும். எல்லாவற்றிலும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே வந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் முடிவை நம்பி மேற்கோள் காட்டலாம் என்பதுதான் அந்த நம்பிக்கை. மாணவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. நிதி தரும் அமைப்புகளின் அறிக்கைகளும் இப்படித்தான் எழுதப்படுகின்றன. ஒரு நிறுவனத்தின் மனிதவள அதிகாரி ஆய்வொன்றைக் காட்டிப் பேசும்போதும் இதே துணையோடுதான் பேசுகிறார்.

இந்த நம்பிக்கை தவறு என்கிறேன். கொத்தாகக் கணக்கிடுவது கட்டுரையில் நடந்தே தீர வேண்டிய சடங்கு அல்ல. குலுக்கலில் எது குலுக்கப்பட்டது என்ற கேள்விக்கான விடை அது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் அடிக்குறிப்பை மட்டும் பார்ப்பவர் எதையும் சரிபார்க்கவில்லை. உறுதிச் சோதனையும் அப்படித்தான். முடிவை உடைத்துப் பார்க்கும் வலு அதற்கு இல்லையென்றால் அதன் எண்ணிக்கையால் பயனில்லை. இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட, பெங்களூருவின் தையல் ஆலைகளில் நடந்த ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. நன்றாக வடிவமைக்கப்பட்ட ஆய்வு அது. நல்ல ஆய்விடம்கூட என்ன கேட்க வேண்டும் என்பதே இங்கே பேச்சு.

அச்யுத அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் ஆகிய மூவரும் எழுதிய "தி ஸ்கில்ஸ் டு பே தி பில்ஸ்" என்ற கட்டுரை 2023இல் ஜர்னல் ஆஃப் பொலிடிகல் எகானமி இதழில் வெளியானது. ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் பெங்களூருப் பகுதி ஆலைகள் ஐந்தில், 2013இல் தொடங்கிய பயிற்சியைப் பற்றியது அது. கேப் நிறுவனம் உருவாக்கிய 'பேஸ்' என்ற அந்தப் பயிற்சி தையல் நுட்பத்தைக் கற்றுத் தருவதில்லை. பேசும் திறன், நேரத்தைத் திட்டமிடுதல், சிக்கலைத் தீர்த்தல் போன்றவற்றை ஏறத்தாழ ஓராண்டு காலம் பெண் தொழிலாளர்களுக்குக் கற்றுத் தருகிறது. சேர விரும்பியவர்கள் 2,703 பேர். இடம் எல்லோருக்கும் போதாததால் குலுக்கல் நடந்தது. பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் 13.5 சதவீதம் கூடியது என்றும், அவர்களுடைய கூலி அரை சதவீத அளவுக்கே கூடியது என்றும் ஆய்வு சொல்கிறது. பயிற்சிக்குச் செலவிட்ட நிறுவனத்துக்கு நிகர ஆதாயம் 250 சதவீதத்தையும் தாண்டியதாம். இந்த எண்களின் பொருளாதாரக் கனத்தைச் சொல்லத் தேவையில்லை. உழைப்பின் பலன் யாருக்குப் போகிறது என்ற பழைய கேள்வியே அவற்றில் இருக்கிறது.

இப்போது குலுக்கலைக் கவனியுங்கள். அது இரண்டு படிகளில் நடந்தது. ஐந்து ஆலைகளிலும் மொத்தம் 112 தையல் லைன்கள். முதல் படியில் லைன்களையே குலுக்கி, சில லைன்களுக்குப் பயிற்சி உண்டு, சிலவற்றுக்கு இல்லை என்று பிரித்தார்கள். இரண்டாம் படியில், பயிற்சி உண்டு என்று விழுந்த லைன்களுக்குள் விண்ணப்பித்த பெண்களைத் தனித்தனியாகக் குலுக்கினார்கள். ஆகவே மூன்று கூட்டங்கள் உண்டாயின. பயிற்சி பெற்றவர்கள் 1,087 பேர். பயிற்சி நடந்த லைனிலேயே இருந்தும் குலுக்கலில் பெயர் விழாதவர்கள் 779 பேர். பயிற்சியே நடக்காத லைன்களில் இருந்த விண்ணப்பதாரர்கள் 837 பேர்.

இந்த மூன்று கூட்டங்களைக் கொண்டு இரண்டு வேறு கேள்விகளைக் கேட்கலாம். ஒன்று, ஒரே லைனுக்குள் பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் என்ன வேறுபாடு? இரண்டு, பக்கத்து மெஷினில் இருப்பவர் பயிற்சி பெற்றதால் தனக்குப் பயிற்சி கிடைக்காதவரும் மாறுகிறாரா? இரண்டாவதைப் பரவல் விளைவு என்போம். அதை அறிய 779 பேரை 837 பேரோடு ஒப்பிட வேண்டும். தரவு ஒன்றுதான், ஆலையும் ஒன்றுதான். ஆனால் இந்த இரு கேள்விகளுக்கும் கையில் இருக்கும் சான்றின் அளவு ஒன்றல்ல. "கொத்து போட்டாகிவிட்டது" என்ற ஒற்றை வரி மறைப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

ஒரு தையல் லைனில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஒருவர் காலர் தைக்கிறார், அடுத்தவர் கை இணைக்கிறார், இன்னொருவர் பட்டன் காஜா போடுகிறார். துணிக் கட்டு ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்கு நகர்கிறது. நடுவில் ஒருவரிடம் கட்டு தேங்கினால் அவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு வேலை வராது. சூப்பர்வைசர் மாறினால் எல்லோருக்கும் மாறும். எளிய சட்டைக்கு வந்த ஆர்டர் முடிந்து சிக்கலான ஜாக்கெட் ஆர்டர் ஏறினால் எல்லோருடைய எஃபிஷியன்ஸியும் ஒரே வாரத்தில் இறங்கும். ஆகவே ஒரு லைனில் இருக்கும் 14 பேரின் எண்கள் 14 தனிச் சான்றுகள் ஆகா. லைனின் பொது அதிர்ஷ்டம் அந்த 14 எண்களிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது.

இதை அளக்க ஒரு சிறிய சூத்திரம் உண்டு. பிரென்ட் மோல்டன் என்ற பொருளாதார அறிஞர் 1990இல் இந்தப் பிழையைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். பயிற்சி முழு லைனுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டால், சாதாரணமாகக் கணக்கிட்ட திட்டப் பிழையின் வர்க்கத்தை இதனால் பெருக்க வேண்டும்:

```
1 + (m − 1)ρ
```

இதில் m என்பது ஒரு லைனில் உள்ள ஆட்களின் எண்ணிக்கை. ρ என்பது ஒரே லைனைச் சேர்ந்த இருவரின் எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு. பரவல் விளைவுக்கான ஒப்பீட்டில் இருப்பவர்கள் 779 பேரும் 837 பேரும் சேர்ந்து 1,616 பேர். 112 லைன்களுக்குப் பிரித்தால் லைனுக்குச் சுமார் 14 பேர். ρ வெறும் 0.1 என்று வைத்தால் பெருக்கம் 2.3, திட்டப் பிழை ஒன்றரை மடங்காகும். ρ 0.3 என்று வைத்தால் பெருக்கம் 4.9, திட்டப் பிழை 2.2 மடங்காகும். அப்போது 1,616 பேரின் தரவு உண்மையில் 330 தனி ஆட்களின் தரவுக்கே சமம்.

இதன் விளைவைப் பார்க்கக் கற்பனை எண்களை வைத்துக்கொள்வோம். இவை அந்தக் கட்டுரையின் எண்கள் அல்ல. பரவல் விளைவு 6 சதவீதம் என்று மதிப்பீடு வருகிறது. லைனைக் கண்டுகொள்ளாமல் கணக்கிட்ட திட்டப் பிழை 2. விகிதம் 3 என்பதால் அட்டவணையில் நட்சத்திரக் குறிகள் வரிசையாக விழும். ρ 0.1 என்றால் திட்டப் பிழை 3 ஆகி, முடிவு விளிம்பில் வந்து நிற்கும். ρ 0.3 என்றால் திட்டப் பிழை 4.4. அப்போது 95 சதவீத நம்பிக்கை இடைவெளி மைனஸ் 2.6இலிருந்து 14.6 வரை விரியும். ஒரு விளைவும் இல்லை என்பதும், 14 சதவீதம் என்ற பெரும் விளைவு உண்டு என்பதும் அதே தரவோடு பொருந்திவிடும்.

முதல் கேள்வியில் நிலைமை வேறு. ஒரே லைனுக்குள் தனித்தனி ஆட்களைக் குலுக்கியதால், ஜாக்கெட் ஆர்டர் ஏறினாலும் சூப்பர்வைசர் மாறினாலும் பயிற்சி பெற்றவர், பெறாதவர் இருவரையும் அது ஒன்றாகவே பாதிக்கிறது. லைனுக்குள்ளேயே ஒப்பிட்டால் அந்தப் பொது அதிர்ச்சி கழிந்துபோகும். அங்கே ρ எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மேலே சொன்ன வீக்கம் வராது. லைன்வாரியாகக் கொத்து போட்டாலும் போடாவிட்டாலும் திட்டப் பிழை அதிகம் மாறாது. ஆனால் அந்த ஒப்பீட்டுக்கு வேறொரு குறை இருக்கிறது. பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தால், இருவருக்கும் இடையிலான வேறுபாடு பயிற்சியின் முழுப் பலனைவிடச் சிறிதாகவே தெரியும். அந்தக் குறையைத் தவிர்க்க, பயிற்சியே நடக்காத லைன்களோடு ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்த உடனே மறுபடி லைன்களின் எண்ணிக்கையே சான்றின் அளவாகிவிடுகிறது.

ஆகவே நம்பாத வாசகர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கொத்து போட்டீர்களா?" என்பதல்ல. "இந்த அட்டவணையின் இந்த எண் எந்த இரு கூட்டங்களின் ஒப்பீட்டிலிருந்து வருகிறது? அந்த இரு கூட்டங்களையும் பிரித்த குலுக்கலில் குலுக்கப்பட்டது ஆளா, லைனா, ஆலையா?" என்பதே. ஸ்டேட்டா மென்பொருளில் இது ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறது:

```
reg efficiency treat, vce(cluster line_id)
```

அடைப்புக்குள் இருக்கும் கடைசிச் சொல்லுக்குப் பதிலாகத் தொழிலாளியின் அடையாள எண்ணைப் போட்டாலும் அடிக்குறிப்பில் "கொத்தாகக் கணக்கிடப்பட்டது" என்றே எழுதலாம். அதுவும் பொய்யாகாது. ஒரு தொழிலாளியின் பல நாள் எண்களை ஒரு கொத்தாகக் கட்டியாகிவிட்டது, அவ்வளவே. லைன் முழுவதற்கும் பொதுவான அதிர்ச்சியை அது தொடவே இல்லை.

இங்கே ஒரு சாரார் குறுக்கிடுவார்கள். "இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? முடிந்தவரை மேல்மட்டத்தில் கொத்து போட்டுவிட்டால் போகிறது. திட்டப் பிழை பெரிதாகவே வரும், பெரிதாக இருப்பது பாதுகாப்பு" என்பார்கள். ஐந்து ஆலைகள் இருக்கின்றன, ஆலைவாரியாகக் கொத்து போடலாமே என்பது அவர்கள் வாதம். பலராலும் ஏற்கப்பட்ட இந்த எச்சரிக்கை இரண்டு வகையில் பிழையானது.

முதலாவது, கொத்தாகக் கணக்கிடும் சூத்திரம் கொத்துகளின் எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போதுதான் சரியாக வேலை செய்யும். ஐந்தே கொத்துகளை வைத்துக் கணக்கிட்டால் திட்டப் பிழை பெரும்பாலும் உண்மையைவிடச் சிறிதாகவே வரும். பாதுகாப்புக்காகச் செய்த காரியம் ஆபத்தை மறைத்துவிடும். அதைச் சரிக்கட்ட 1.96க்குப் பதிலாக, நான்கு பாகைகள் கொண்ட டி அட்டவணையின் 2.78ஐ எல்லையாக வைக்கலாம். அதுவும் ஓரளவுக்கே உதவும். காலின் கேமரன், ஜோனா கெல்பாக், டக்ளஸ் மில்லர் ஆகியோர் 2008இல் பரிந்துரைத்த மறுமாதிரி முறை குறைந்த கொத்துகளுக்கு நல்ல மருந்து. ஒவ்வொரு கொத்தின் எச்சங்களுக்கும் கூட்டல் அல்லது கழித்தல் குறியை எழுந்தமானமாகக் கொடுத்துத் திரும்பத் திரும்பக் கணக்கிடும் முறை அது. ஆனால் ஐந்து கொத்துகளுக்குக் குறிகளை 32 விதமாகத்தான் மாற்ற முடியும். அவற்றில் பாதி மறுபாதியின் கண்ணாடி பிம்பம். ஆகவே அந்த வழியில் கிடைக்கக்கூடிய மிகச் சிறிய பி மதிப்பு பதினாறில் ஒன்று, அதாவது 0.0625. பயிற்சி எவ்வளவு அற்புதமாகப் பலன் தந்திருந்தாலும் 5 சதவீத எல்லையை அந்தச் சோதனையால் தாண்டவே முடியாது. தாண்ட முடியாத தடையை வைத்துவிட்டு அதைக் கண்டிப்பு என்று சொல்லக் கூடாது.

இந்த ஆய்வில் ஆலைவாரிக் கொத்து தேவையும் இல்லை. லைன்களை ஒவ்வோர் ஆலைக்குள்ளும் வைத்துத்தான் குலுக்கினார்கள். எல்லா ஆலைகளிலும் இரு வகை லைன்களும் இருக்கின்றன. ஓர் ஆலையை மட்டும் பாதித்த கதவடைப்போ ஆர்டர் வீழ்ச்சியோ இரு பக்கத்தையும் சமமாகவே தொடும். ஆல்பர்ட்டோ அபாடி, சூசன் ஆத்தி, கைடோ இம்பென்ஸ், ஜெஃப்ரி வூல்ட்ரிட்ஜ் ஆகிய நால்வரும் 2023இல் எழுதிய கட்டுரை இதைத்தான் வலியுறுத்துகிறது. எச்சங்கள் ஒத்துப்போகின்றன என்பதாலேயே கொத்து போட வேண்டியதில்லை. மாதிரி எப்படி எடுக்கப்பட்டது, சிகிச்சை எப்படி ஒதுக்கப்பட்டது என்ற இரண்டும்தான் கொத்தின் மட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். பரவல் விளைவுக்கு லைன்தான் சரியான மட்டம். அதற்குக் கீழே இறங்கினால் பொய்யான துணிச்சல் வரும். மேலே ஏறினால் காரணமில்லாத தயக்கம் வரும்.

இரண்டாவது பிழை இதைவிட முக்கியமானது, அதிகம் பேசப்படாததும்கூட. பெரிய திட்டப் பிழை எல்லா முடிவுகளையும் கடினமாக்குவதில்லை. "விளைவு உண்டு" என்ற முடிவை மட்டுமே கடினமாக்குகிறது. "விளைவு இல்லை" என்ற முடிவை அது மிக எளிதாக்கிவிடுகிறது. ஒரு கட்டுரையின் நம்பகத்தன்மை பல இல்லைகளின் மேல் நிற்கிறது. பயிற்சிக்கு முன்பு இரு கூட்டங்களுக்கும் வேறுபாடு இல்லை. வேலையை விட்டுப் போவதில் வேறுபாடு இல்லை. பயிற்சி பெறாதவர்களுக்குப் பாதிப்பு இல்லை. வேலையை விட்டுப் போவதைக் கற்பனை எண்களில் பாருங்கள். பயிற்சி பெற்றவர்களில் வெளியேறியவர்கள் 3 சதவீதப் புள்ளி குறைவு என்று மதிப்பீடு வருகிறது. திட்டப் பிழை 1 என்றால் அது தெளிவான வேறுபாடு. ஆசிரியர்கள் விளக்கம் சொல்லியாக வேண்டும். திட்டப் பிழை 2.5 என்றால் அதே 3 புள்ளிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் விழாது; "வேறுபாடு இல்லை" என்று எழுதிவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் அதன் நம்பிக்கை இடைவெளி கிட்டத்தட்ட 8 புள்ளி வரை நீள்கிறது. 8 புள்ளி வேறுபாடு இருந்தால் ஆய்வின் தலைப்புச் செய்தியே ஆட்டம் காணலாம்.

ஆகவே இரண்டாவது கேள்வி இது: "இல்லை என்று நீங்கள் சொல்லும் இடத்தில் நம்பிக்கை இடைவெளியின் இரு முனைகளும் எங்கே நிற்கின்றன? கெட்ட முனை உண்மையாக இருந்தால் உங்கள் முடிவு தாங்குமா?" கூலி பற்றிய முடிவுக்கும் இதைக் கேட்க வேண்டும். கூலி அரை சதவீதமே கூடியது என்பது தொழிலாளர் தரப்பு எடுத்துப் பேசக்கூடிய எண். அதை எடுத்துப் பேசுபவர் மதிப்பீட்டோடு அதன் இடைவெளியையும் பார்த்தாக வேண்டும். இடைவெளி குறுகலாக இருந்தால் அது வலுவான குற்றச்சாட்டு. அகலமாக இருந்தால் ஆய்வு எதுவும் சொல்லவில்லை என்றே பொருள். நமக்குப் பிடித்த முடிவு என்பதால் ஓர் இல்லைக்குச் சலுகை கொடுக்கக் கூடாது.

வரிசைகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்கும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டும். இதே மூவரும் 2020இல் ரிவ்யூ ஆஃப் எகனாமிக்ஸ் அண்ட் ஸ்டாடிஸ்டிக்ஸ் இதழில் இன்னொரு கட்டுரையை வெளியிட்டார்கள். பெங்களூரைச் சுற்றியுள்ள தையல் ஆலைகளில் எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறியதைப் பற்றியது அது. பழைய விளக்குகளைவிட எல்.இ.டி. குறைந்த வெப்பத்தையே வெளிவிடும். ஆகவே வெயில் கடுமையான நாட்களில் உற்பத்தி அவ்வளவாக இறங்காது என்பது அவர்கள் கண்ட முடிவு. தரவு லைன்வாரியாக, நாள்வாரியாக இருக்கிறது. இத்தகைய தரவில் வரிசைகள் எளிதாக லட்சக்கணக்கில் போய்விடும். ஆனால் ஒரே நகரத்தில் ஒரு நாளின் வெப்பநிலை எல்லா லைன்களுக்கும் ஏறக்குறைய ஒன்றே. நேற்றைய வெயிலும் இன்றைய வெயிலும் ஒன்றையொன்று ஒத்தவை. விளக்கை மாற்றும் முடிவும் லைன்வாரியாக எடுக்கப்படுவது அல்ல. ஆலை மாறுகிறது, அதற்குள் இருக்கும் லைன்கள் எல்லாம் சேர்ந்து மாறுகின்றன. இங்கே சான்றை நாட்களாலும் ஆலைகளாலும் அளக்க வேண்டும். வரிசைகளால் அளக்கக் கூடாது.

காலத்தொடர்ச்சியான தரவில் இது எவ்வளவு பெரிய கேடு விளைவிக்கும் என்பதை மரியான் பெர்ட்ராண்ட், எஸ்தர் டுஃப்ளோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் 2004இல் காட்டினார்கள். அமெரிக்கப் பெண்களின் கூலித் தரவை எடுத்துக்கொண்டு, நடக்கவே நடக்காத சட்டங்களை எழுந்தமானமாகச் சில மாநிலங்களில் நடந்ததாக வைத்துக் கணக்கிட்டார்கள். 5 சதவீதம் மட்டுமே தவறாக விழ வேண்டிய சோதனை, 45 சதவீதம் வரை அந்தக் கற்பனைச் சட்டங்களுக்கு விளைவு உண்டு என்று சொன்னது. நிகழாத ஒன்றுக்கு நட்சத்திரம் தரும் கணக்கை நிகழ்ந்த ஒன்றின் விஷயத்தில் மட்டும் எப்படி நம்புவது?

இனி உறுதிச் சோதனைகளுக்கு வருவோம். வழக்கமான பட்டியல் இப்படி இருக்கும்: வயதைச் சேர்த்தோம், கல்வியைச் சேர்த்தோம், வேலை அனுபவத்தைச் சேர்த்தோம், மாதத்தைச் சேர்த்தோம், மடக்கை எடுத்தோம், மடக்கை இல்லாமல் பார்த்தோம், விடை மாறவில்லை. பலரும் இதைப் பெரிய உறுதியாக எடுத்துக்கொள்கிறார்கள். குலுக்கல் நேர்மையாக நடந்திருந்தால் இரு கூட்டங்களின் வயதும் கல்வியும் சராசரியில் ஒன்றாகவே இருக்கும். அவற்றைச் சேர்த்தால் விடை மாறக் கூடாது என்பது முன்கூட்டியே தெரிந்தது. தெரிந்த விடையை ஆறு முறை எழுதிக் காட்டுவது ஆறு சான்றுகள் ஆகாது. குலுக்கல் சரியாக நடந்தது என்ற ஒரே சான்றுதான் அங்கே ஆறு வடிவத்தில் நிற்கிறது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தையல் ஆலைகளில் ஆட்கள் வேகமாக வேலை மாறுவார்கள். ஒருவர் வேலையில் இருக்கும் நாட்களில்தான் அவருடைய உற்பத்தித்திறனை அளக்க முடியும். பயிற்சி முடிந்து எட்டு மாதம் கழித்து அளக்கும்போது, தங்கியவர்களைத்தான் தங்கியவர்களோடு ஒப்பிடுகிறோம். குலுக்கல் சமப்படுத்தியது தொடக்கத்தில் இருந்தவர்களை. கடைசியில் எஞ்சியவர்களை அல்ல. பயிற்சி சில கெட்டிக்காரப் பெண்களைத் தங்கவைத்திருந்தால், அவர்களுடைய திறமையே பயிற்சியின் பலனாகக் கணக்கில் ஏறிவிடும்.

இதைச் சோதிக்கும் வழி உண்டு. டேவிட் லீ 2009இல் வகுத்த முறை அது. பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 60 பேர் தங்கினார்கள், பெறாதவர்களில் 54 பேர் தங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாகத் தங்கிய 6 பேர் அந்த 60 பேரில் பத்திலொரு பங்கு. அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. ஆகவே மோசமான சாத்தியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்: அவர்களே மிகத் திறமையானவர்கள் என்று கருதி, பயிற்சி பெற்றவர்களில் மேலே இருக்கும் பத்து சதவீதத்தை நீக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும். பிறகு கீழே இருக்கும் பத்து சதவீதத்தை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட வேண்டும். உண்மை இந்த இரு விடைகளுக்கும் நடுவில் இருக்கிறது. கீழ் எல்லையும் பூஜ்யத்துக்கு மேலே நின்றால் முடிவு தாங்கிவிட்டது என்று மனதார ஒப்புக்கொள்ளலாம். இந்த ஒரு சோதனைக்கு முடிவை உடைக்கும் வலு உண்டு. அதனால்தான் வயதையும் கல்வியையும் சேர்த்த பத்துப் பத்திகளைவிட இது மதிப்புள்ளது.

அளவையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. எஃபிஷியன்ஸி என்பது தைத்த உருப்படிகளின் எண்ணிக்கை அல்ல. டார்கெட்டுக்கு எதிரான விகிதம். ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நிமிடம் ஆகலாம் என்று முன்கூட்டியே வகுத்திருப்பார்கள். அதிலிருந்து டார்கெட் பிறக்கிறது. நிமிடம் தாராளமாக வகுக்கப்பட்ட வேலைக்கு ஒருவரை மாற்றினால் கை வேகம் மாறாமலேயே எஃபிஷியன்ஸி ஏறும். பேசத் தெரிந்த பெண்ணைச் சூப்பர்வைசர் வேறு வேலைக்கு மாற்றியிருக்க மாட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒரே வேலையில் தொடர்ந்து இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தீர்களா, வேலைவாரியாகப் பிரித்துப் பார்த்தீர்களா, டார்கெட்டை விட்டுவிட்டு உருப்படிகளின் எண்ணிக்கையையே பார்த்தீர்களா என்று வாசகர் கேட்கலாம். இந்தக் கேள்வி தையல் தொழிலை அறிந்தவருக்கே தோன்றும். புள்ளியியல் பாடநூல் இதைத் தராது. ஆகவே உறுதிச் சோதனையைப் பற்றி வாசகர் கேட்க வேண்டியது, "எத்தனை?" என்பதல்ல, "இந்த முடிவு பொய்யாக இருந்தால் எந்த வழியில் பொய்யாக இருக்கும்? அந்த வழியை அடைத்த சோதனை எது?" என்பதே.

கடைசியாக, குலுக்கல் ஆய்வுகளிடம் தவறாமல் கேட்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. அதே 112 லைன்களை, அதே ஆலைப் பிரிவுகளுக்குள், காகிதத்தில் ஆயிரம் முறை மறுபடி குலுக்க வேண்டும். ஒவ்வொரு பொய்க் குலுக்கலுக்கும் விளைவைக் கணக்கிட வேண்டும். உண்மைக் குலுக்கலில் வந்த விடையை அந்த ஆயிரத்தில் எத்தனை பங்கு எட்டுகிறது அல்லது மிஞ்சுகிறது என்பதே பி மதிப்பு. கொத்து, பாகை, எல்லையற்ற மாதிரி என்ற அனுமானம் எதுவும் இதற்குத் தேவையில்லை. நடந்த குலுக்கல் ஒன்றே போதும். அல்வின் யங் 2019இல் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் இதழ்களில் வந்த 53 பரிசோதனைக் கட்டுரைகளை இப்படி மறுபடி கணக்கிட்டார். சராசரிக் கட்டுரையில் ஆசிரியர்கள் காட்டிய தனித்தனி விளைவுகளில் 13 முதல் 22 சதவீதம் வரை குறைவாகவே தேறின. அந்த ஆசிரியர்கள் அறியாதவர்கள் அல்லர். அந்த இதழ்கள் கண்டிப்பில்லாதவையும் அல்ல. நல்ல இதழில் வந்துவிட்டது என்பது மேற்கொண்டு கேட்காமல் இருப்பதற்குக் காரணமாகாது.

இதற்கு ஓர் எதிர்வாதம் வரும். "இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் எந்த ஆய்வும் மிஞ்சாது. சாதாரண வாசகருக்கு இவ்வளவும் எங்கே தெரியும்?" என்பார்கள். நான் சொன்ன கேள்விகளில் ஒன்றுகூட முடிவில்லாமல் நீள்வது அல்ல. எது குலுக்கப்பட்டது என்பது கட்டுரையின் வடிவமைப்புப் பகுதியில் அச்சாகியிருக்கும். எத்தனை கொத்துகள் என்பது அட்டவணையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே ஒரு குறை. நம்பிக்கை இடைவெளியை மதிப்பீட்டையும் திட்டப் பிழையையும் வைத்து ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், ஒரு கழித்தலில் யாரும் கண்டுபிடிக்கலாம். இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லி நிற்கும் ஆய்வை வாசகரும் மனமார ஏற்க வேண்டும். எந்த விடை வந்தால் நம்புவேன் என்று முன்கூட்டியே சொல்லாத சந்தேகமும் சடங்குதான். லைன்வாரிக் கொத்தில் விளைவு நின்றது, லீயின் கீழ் எல்லையும் பூஜ்யத்துக்கு மேலே நின்றது, மறுகுலுக்கலிலும் தாங்கியது என்றால், அதற்கு மேலும் தலையசைக்க மறுப்பது பிடிவாதம்.

பெங்களூருவின் ஆலைகளைப் பற்றிய ஓர் எண் கூட்டத்தில் வாசிக்கப்படும்போது, அதைச் சொல்பவர் நிர்வாகத்தின் பக்கமோ தொழிற்சங்கத்தின் பக்கமோ, முதலில் எழ வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குலுக்கப்பட்டது என்ன, அது எத்தனை? 2,703 என்று பதில் வந்தால் இன்னும் கேளுங்கள். 112 என்று பதில் வந்தால் பேச்சைத் தொடரலாம்.